ஏரி சுத்தம் செய்ய ஆள் சேர்க்கும் வாட்ஸ்அப் செய்தி: முதல் முறை எழுதுபவர்களுக்கு

"இந்த ஞாயிறு ஏரியைச் சுத்தம் செய்யப் போகிறோம். அனைவரும் திரண்டு வாரீர்! இயற்கையைக் காப்போம்!"

இப்படி ஒரு செய்தியைக் குழுவில் போட்டால் கட்டைவிரலும் கைதட்டலும் வரிசையாக விழும். ஞாயிறு காலை கரைக்கு வருவதோ, அனுப்பியவரும் அவருக்கு ஏற்கெனவே பழக்கமான நாலு பேரும்தான். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை மணிக்கு, எந்தக் கரையில், என்ன வேலை, எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்று எதுவுமே அந்தச் செய்தியில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சம்.

ஆகவே எழுதும்போது ஒரே ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உங்கள் குழுவில் யாரையும் தெரியாது. தனியாகத்தான் வருவார். இதற்கு முன் இப்படி ஒரு வேலைக்குப் போனதே இல்லை. அவர் படித்துவிட்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் கிளம்பி வர முடிந்தால், செய்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

1. எழுதும் முன் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள்

"ஏரி" என்பது செய்தியில் எழுத முடியாத அளவுக்குப் பெரியது. எந்தத் துண்டு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இங்கே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: படித்துறையிலிருந்து மதகு வரை 400 மீட்டர் கரை. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 80 மீட்டர் என்று பிரித்தால் ஐந்து குழு, மொத்தம் 25 பேர். வருகிறேன் என்று சொல்பவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்பதால் 35 பெயர் வரை வாங்கிக்கொள்ளலாம். கையுறையும் சாக்கும் அந்தக் கணக்குக்கே தயார் செய்யுங்கள்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்குவதும், நிரம்பிய சாக்குகளை எடுத்துப் போக வண்டி பேசுவதும் செய்தி வெளியே போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சாக்குகள் கரையிலேயே கிடந்து, நாய்கள் கிழித்து மறுபடி எல்லாம் தண்ணீருக்குப் போனால், வந்தவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

2. முதல் இரண்டு வரியில் நாள், நேரம், இடம்

நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி, மீதியை "மேலும் படிக்க" என்பதற்குள் வைத்துவிடும். பலர் அதைத் தட்டுவதில்லை. ஆகவே வணக்கமும் முன்னுரையும் ஒரு வரியைத் தாண்டக் கூடாது.

"நாளை", "வரும் ஞாயிறு" போன்ற சொற்களை அறவே விடுங்கள். நீங்கள் புதன்கிழமை அனுப்பியது ஒருவருக்கு ஞாயிறு மதியம் முன்னனுப்பலாகப் போய்ச் சேரும். அவர் அடுத்த ஞாயிறு என்று எண்ணிக்கொண்டு தனியாகப் போய் நிற்பார். கிழமை, தேதி இரண்டையும் எழுதுங்கள்: மார்ச் 15, ஞாயிறு.

தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம்தான் ஆட்களை வரவைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வேறு வேலை இருக்கும். "9 மணிக்குக் கிளம்பிவிடலாம்" என்று எழுதியிருந்தால், 10 மணிக்கு வேறிடம் போக வேண்டியவரும் வருவார். எழுதிவிட்டால் அந்த நேரத்துக்கு முடித்தே ஆக வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பத்தரை வரை இழுக்காதீர்கள்.

இடத்துக்கு வருவோம். வரைபடத்தில் ஏரியின் பெயரைத் தேடி அந்த இணைப்பை ஒட்டினால் குறி பெரும்பாலும் தண்ணீரின் நடுவில் விழும். வண்டி எதிர்க்கரையில் போய் நிற்கும். சுற்றி வர அரைமணி நேரம். நீங்களே கூடுமிடத்தில் போய் நின்று, குறியை அங்கே குத்தி எடுத்த இணைப்பைப் போடுங்கள். கூடவே கண்ணால் பார்த்து அடையாளம் காண ஒரு வரி: "படித்துறைக்குப் பக்கத்து ஆலமரத்தடி".

3. வேலையை வினைச்சொல்லால் சொல்லுங்கள்

"தூய்மைப் பணியில் ஈடுபடுதல்" என்று எழுதினால், படிப்பவர் இடுப்பளவுத் தண்ணீரில் சேறு அள்ளுவதாகக் கற்பனை செய்துகொள்வார். "கரையோரம் கிடக்கும் பிளாஸ்டிக் பை, பாட்டில், தெர்மோகோல் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது" என்று எழுதிவிடுங்கள். குனிந்து நிமிர வேண்டிய வேலை, அவ்வளவுதான் என்று புரிந்துவிடும்.

செய்யக் கூடாததையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்பது முதல் வரி. ஓரத்தில் ஆழம் எவ்வளவு என்பதும், சேற்றுக்குள் உடைந்த கண்ணாடி இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. ஆறாத காயம் இருப்பவர்கள் ஈரச்சேற்றைத் தொடாமல் இருப்பதும் நல்லது. எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகவும் உடம்புக்குள் போகலாம். அவர்களுக்குக் கொடுக்கக் கரைமேல் வேறு வேலை இருக்கிறது, அடுத்த படியில் வருகிறது.

ஆகாயத்தாமரையை என்ன செய்வது என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதை இந்தச் செய்தியில் சேர்க்காதீர்கள். வேரெல்லாம் தண்ணீர் கோத்துக் கனமாக இருக்கும். இழுத்துக் கரையில் போட்டாலும் அகற்ற வண்டி வேண்டும். முதல் முறை வருபவர்களை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது. கோரைப்புல்லும் அப்படியே இருக்கட்டும், அதில் பறவைக்கூடு இருக்கலாம்.

சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரக்குப்பை கனக்கும். மீன்பிடி நரம்பை இழுக்காமல் கத்தரித்து எடுங்கள், இழுத்தால் செடிக்குள் அறுந்து பறவையின் காலில் சுற்றும். ஊசி கண்ணில் பட்டால் கை வைக்காமல் குழுத்தலைவரைக் கூப்பிடுங்கள். இவையெல்லாம் அவசியமான விஷயங்கள், ஆனால் செய்திக்கு உரியவை அல்ல. வந்தவுடன் நடக்கும் கால்மணி நேர விளக்கத்தில் வாயால் சொல்ல வேண்டியவை. செய்தியில் திணித்தால் தேர்வுத்தாள் மாதிரி ஆகிவிடும்.

4. "நம்மவர்" என்ற உணர்வு எங்கிருந்து வரும்

நான் பார்த்தவரை, இந்த இடத்தில்தான் எல்லோரும் வார்த்தையை அள்ளி விடுகிறார்கள். "ஏரி நம் தாய்", "இது நம் கடமை", "வராதவர் மனசாட்சியைக் கேட்கட்டும்". கடைசி வகையைப் படித்தால் வர நினைத்தவருக்கும் எரிச்சல் வரும்.

புதியவருக்கு இருப்பது ஒரு சின்னப் பயம்: போய் இறங்கியதும் யாரிடம் பேசுவது? எல்லோரும் கும்பலாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் ஓரமாக நிற்பேனா? அதைத் தீர்க்கும் வரி எதுவோ அதுதான் சேர்ந்த உணர்வைத் தரும். "தனியாக வருகிறீர்களா? நீலத் தொப்பி போட்டவரிடம் வாருங்கள், உங்களை ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்." 6:30-க்குத் தொடங்குவதாக இருந்தால் நீலத் தொப்பிக்காரர் 6:15-க்கே அங்கே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, குனிய முடியாதவருக்கும் இடம் இருக்கிறது என்று காட்டுவது. பெயர் எழுத, கையுறை கொடுக்க, சாக்குகளை எண்ணிக் குறிக்க ஆள் தேவைதான். மூட்டுவலி உள்ள அத்தையும் வரலாம், தாத்தாவும் வரலாம். இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. பெயர்ப் பட்டியல் எழுத ஆள் இல்லாமல் முதல் அரைமணி நேரம் வீணாவது சகஜம். குழந்தைகளைப் பெற்றோர் கூட்டிவரலாமா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

5. பதில் சொல்வது சுலபமாக இருக்கட்டும்

"விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்" என்றால் யாரும் கொள்ள மாட்டார்கள். பெயரும் எத்தனை பேர் என்பதும் போதும்: "கவிதா, 2". எந்த நாளுக்குள் என்றும் சொல்லுங்கள். அலைபேசி எண் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். முன்னனுப்பிய செய்தியில் முதலில் எழுதியவர் யார் என்று தெரியாது.

இப்போது முழுச் செய்தி. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பது வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாக வரும். நாள், இடம், முடியும் நேரம் மூன்றுக்கு மட்டும் போடுங்கள்.

```
வணக்கம். *மார்ச் 15, ஞாயிறு காலை 6:30*
ஏரிக்கரை, *படித்துறைப் பக்கத்து ஆலமரத்தடி*
(வரைபட இணைப்பு)

படித்துறையிலிருந்து மதகு வரை கரையோரம் கிடக்கும்
பிளாஸ்டிக் பை, பாட்டில், தெர்மோகோல் பொறுக்கிச்
சாக்கில் போடப் போகிறோம். யாரும் தண்ணீரில்
இறங்கப் போவதில்லை. *9 மணிக்குக் கிளம்பிவிடலாம்.*

கையுறையும் சாக்கும் நாங்கள் தருகிறோம். நீங்கள்
மூடிய காலணி, தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு வாருங்கள்.

தனியாக வருகிறீர்களா? நீலத் தொப்பி போட்டவரிடம்
வாருங்கள், ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்.
குனிய முடியாதவர்களும் வரலாம்: பெயர் எழுத, சாக்கு
எண்ண ஆள் வேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள
குழந்தைகள் பெற்றோருடன் வரட்டும்.

வருவதாக இருந்தால் வெள்ளி இரவுக்குள் பெயரும்
எத்தனை பேர் என்பதும் அனுப்புங்கள்: (உங்கள் பெயர், எண்)
மழை என்றால் ஞாயிறு காலை 5:30-க்குச் சொல்லிவிடுவோம்.
```

அனுப்பும் முன் குழுவுக்கு வெளியே ஒருவரிடம் காட்டி, "எத்தனை மணிக்கு முடியும்? போனதும் யாரைப் பார்ப்பாய்?" என்று கேளுங்கள். திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினால் அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள்.

6. அனுப்புவதும், அதற்குப் பிறகும்

ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். புதியவர்களைச் சேர்க்க அது உதவாது. நாலைந்து பேரிடம் கொடுத்து, அவரவர் தெரு, அலுவலகக் குழுவில் "நான் போகிறேன், நீங்களும் வாங்க" என்று ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தெரிந்தவர் சொல்கிற அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, முன்னனுப்பல் அம்புக்குறிக்குக் கிடையாது.

பெயர் கொடுத்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலை தனித்தனியாக ஒரு நினைவூட்டல்: "கவிதா, நாளை காலை 6:30, ஆலமரத்தடி. நீங்களும் கூட வருபவரும் மதகுப் பக்கக் குழுவில். வர முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள், பரவாயில்லை." இங்கே "நாளை" போடலாம், ஏனென்றால் இது அவருக்கு மட்டும் போகிறது. எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், வராமல் இருக்கக் கொஞ்சம் தயக்கம் வரும். வர முடியாதவரும் வாய் திறந்து சொல்லிவிடுவார், அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போட்டுக்கொள்ளலாம்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 5:30-க்கு ஒரு செய்தி போக வேண்டும். "மழை இல்லை, 6:30-க்குச் சந்திப்போம்" என்பதும் தகவல்தான். அது வராமல் போனால், வானம் லேசாக இருட்டியிருந்தாலே பாதிப் பேர் ரத்தாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள்.