வயிற்றில் நீர் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கணிக்கும்போது செய்யும் தவறுகள்

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 52 வயது ஆண், உயரம் 165 செ.மீ. கல்லீரல் தழும்பாகிச் சுருங்கும் சிரோசிஸ் இருப்பது தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வயிறு உப்பி, கால் வீங்கி வார்டில் சேர்கிறார். எடை பார்த்தால் 63 கிலோ. ஆறு மாதத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டில் 64 கிலோ என்று இருக்கிறது, அப்போது வயிற்றில் நீர் இல்லை. பிஎம்ஐ கணக்குப் போட்டால் 23. "எடை பெரிதாகக் குறையவில்லை, பிஎம்ஐ நார்மல்" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். அதோடு அவருடைய உணவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அவருக்கு இருப்பது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தெந்த இடத்தில் சறுக்குவோம் என்று பார்ப்போம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க உணவியல் அகாடமியும் ஊட்டச்சத்துச் சிகிச்சைக்கான ஆஸ்பென் அமைப்பும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட அளவுகோல். அதில் ஆறு அம்சங்கள் உண்டு: உணவு குறைந்தது, எடை குறைந்தது, தோலுக்கடிக் கொழுப்பு கரைந்தது, தசை கரைந்தது, உடலில் நீர் சேர்ந்தது, கைப்பிடி வலு குறைந்தது. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் குறைபாடு என்று சொல்லலாம். நோயின் பின்னணியையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். திடீர் நோயா, மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் நாள்பட்ட நோயா, அல்லது நோயே இல்லாமல் வறுமை, தனிமை போன்ற சூழலால் வந்ததா என்பதைப் பொறுத்து எல்லைகள் மாறும். நம்மவருக்கு நாள்பட்ட நோய்.

முதல் சறுக்கல் தராசில் நடக்கிறது. தராசு 63 என்று காட்டியது பொய்யில்லை, ஆனால் அதில் எத்தனை கிலோ நீர் என்று அது சொல்லாது. கல்லீரல் நோயில் நீரைக் கழித்த எடையைத் தோராயமாகக் கணிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. வயிற்று நீர் லேசாக இருந்தால் எடையில் 5 சதவீதம், நடுத்தரமாக இருந்தால் 10, மிக அதிகமாக இருந்தால் 15 சதவீதம் கழிப்பார்கள். இரண்டு காலும் வீங்கியிருந்தால் இன்னொரு 5. இவருக்கு நடுத்தர வயிற்று நீரும் கால் வீக்கமும் இருப்பதால் 15 சதவீதம் கழிகிறது. 63 கிலோ 53.5 ஆகிவிடும். 64இலிருந்து 53.5 என்றால் 10.5 கிலோ இழப்பு. அதை 64ஆல் வகுத்தால் 16 சதவீதம் வருகிறது.

தோராயக் கணக்கை நம்பாமல் வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். மறுநாள் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ, எனவே எடை 58க்கு வரும். இப்போதே இழப்பு 9.4 சதவீதம். கால் வீக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு மூன்று கிலோ கழித்தால் 55, இழப்பு 14 சதவீதம். இரண்டு வழியிலும் ஒரே எண் வராது, வர வேண்டும் என்றும் இல்லை. நாள்பட்ட நோயில் ஆறு மாதத்துக்கான எல்லை 10 சதவீதம், அதைத் தாண்டினால் தீவிரம். இரண்டு கணக்கும் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. அதுதான் நமக்குத் தேவை.

வகுக்கும்போது எதால் வகுக்கிறோம் என்பதிலும் பலர் தவறுகிறார்கள். இழந்த கிலோவை நோயாளியின் வழக்கமான எடையால் வகுக்க வேண்டும். இப்போதைய எடையாலோ, உயரத்துக்கு ஏற்ற லட்சிய எடையாலோ அல்ல. "உயரத்துக்கு 60 கிலோ போதுமே, இவர் கொஞ்சம்தானே குறைவு" என்று நினைத்தால் மொத்தக் கணிப்பும் போய்விடும். நூறு கிலோ இருந்தவர் சாப்பிட முடியாமல் மூன்றே மாதத்தில் 88க்கு வந்தால், பார்ப்பதற்குக் குண்டாகவே இருப்பார். ஆனால் எடை இழப்பைப் பொறுத்தவரை அவர் தீவிரப் பிரிவில் இருக்கிறார்.

எந்தக் காலத்தில் குறைந்தது என்பதும் முக்கியம். மூன்று வருடத்துக்கு முன் பத்து கிலோ குறைந்து, அப்புறம் அதே எடையில் நிற்கிறவருடைய இழப்பை இந்த அட்டவணைக்குள் நுழைக்க முடியாது. பழைய எடை நினைவில்லை என்பவர்களிடம் சீட்டைத் தேடச் சொல்லலாம், மோதிரமும் பெல்ட் துளையும் தளர்ந்தனவா என்று கேட்கலாம். வயிற்று நீர் இருப்பவரிடம் மட்டும் பெல்ட்டைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்த தவறு முதல் தவறுக்கு நேர் எதிரானது. நீர் சேர்ந்ததும் ஆறு அம்சங்களில் ஒன்றுதானே, வயிறு இவ்வளவு உப்பியிருக்கிறதே என்று அதையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்த்துவிடுவது. இவருக்கு வயிற்றில் நீர் சேரக் காரணம் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியதும், அதைத் தொடர்ந்து சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதும். நன்றாகச் சாப்பிடும் சிரோசிஸ் நோயாளிக்கும் இது வரும். எனவே இவர் விஷயத்தில் நீரை ஊட்டச்சத்துக் குறைபாட்டின் சான்றாக எண்ணக்கூடாது. எடையைத் திருத்த மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். இதயம் பலவீனமானவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியவர் எல்லோருக்கும் இதே நியாயம்தான். நம் ஊரில் யானைக்கால் நோயின் வீக்கத்தையும் இந்தப் பட்டியலில் நினைவில் வைக்க வேண்டும். வேறு காரணங்களை எல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகே நீரை ஓர் அம்சமாக எண்ணலாம். பெரிய மருத்துவமனை வார்டில் அப்படி ஒதுக்க முடிகிற நோயாளிகள் குறைவு என்பது என் எண்ணம்.

இதோடு ஒட்டி வருவது ஆல்புமின். இவருடைய ரிப்போர்ட்டில் ஆல்புமின் 2.4 என்று இருந்தால் "புரோட்டீன் குறைவு, சத்துக் குறைபாடு" என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆல்புமினைத் தயாரிப்பதே கல்லீரல், அதுதான் பழுதாகி இருக்கிறது. தொற்றோ அழற்சியோ இருந்தால் நல்ல கல்லீரல் உள்ளவருக்கும் அது இறங்கும். அதனால்தான் ஆறு அம்சங்களில் ரத்தப் பரிசோதனை எதுவுமே இல்லை.

இனி உணவு. இங்கே கேள்வி கேட்கும் விதத்திலேயே தவறு தொடங்குகிறது. "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "மூணு வேளையும் சாப்பிடுறேன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். பக்கத்தில் இருக்கும் மனைவியிடம், "அம்மா, முன்னாடி எவ்வளவு சாப்பிடுவாரு, இப்போ எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கங்க, ரெண்டு வாய் வச்சதும் வயிறு முட்டுதுன்னு எழுந்துடுறாரு. முன்னாடி அஞ்சாறு இட்லி தின்ன மனுஷன்" என்று பதில் வரும். நீர் நிறைந்த வயிறு இரைப்பையை அமுக்குவதால் இப்படி ஆகிறது.

அவர் சொல்வதை அளவாக மாற்ற வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும் கொஞ்சம் மோரும், இரவு ஒரு டம்ளர் கஞ்சி, இடையில் இரண்டு டீ. தாராளமாகக் கணக்கிட்டாலும் 700 கலோரியைச் சுற்றித்தான் நிற்கும். தேவை எவ்வளவு? நீரைக் கழித்த எடைக்கு ஒரு கிலோவுக்கு 30 கலோரி என்று குறைந்தபட்சமாக வைத்தாலே ஏறத்தாழ 1600. தராசு காட்டிய 63ஐ வைத்துக் கணக்குப் போட்டால் நீருக்கும் சேர்த்துச் சோறு போடுகிறோம் என்று ஆகிவிடும். 1600க்கு 700 என்றால் பாதிகூட இல்லை. இரண்டு மாதமாக இப்படித்தான் என்கிறார் மனைவி. நாள்பட்ட நோயில் தேவையில் 75 சதவீதத்துக்குக் கீழே ஒரு மாதம் போனாலே இந்த அம்சம் பொருந்திவிடும்.

அட்மிஷனுக்குப் பின் ஸ்கோப்புக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்த ஒரு நாளைப் பார்த்து "சாப்பாடு குறைவு" என்று எழுதுவதையும் பார்க்கலாம். அது வார்டு செய்த பட்டினி, நோயாளியின் வரலாறு அல்ல. அளவோடு காலமும் பொருந்தினால்தான் இந்த அம்சத்தை எண்ணலாம். இன்னொரு விஷயம்: நாள்பட்ட நோயில் மிதமான குறைபாட்டுக்கும் தீவிரக் குறைபாட்டுக்கும் உணவு எல்லை கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் தீவிரத்தைப் பிரிக்க உணவு உதவாது. எடையும் தசையும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

தசையைப் பார்ப்பதில்தான் அதிகம் அவசரப்படுகிறோம். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்து "கெண்டைக்கால் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவது இந்த நோயாளியிடம் நிச்சயம் நடக்கும். அது சதையல்ல, வீக்கம். கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின் மேல் சில விநாடி அழுத்தினால் குழி விழும். நீர் இருப்பவரிடம் உடலின் மேல்பாதியை நம்புங்கள். நெற்றிப்பொட்டில் தசை குழிந்திருக்கிறதா, காறை எலும்பு துருத்தி நிற்கிறதா, தோள்பட்டை உருண்டையாக இல்லாமல் கோணமாக இருக்கிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புடைக்க வேண்டிய சதை தட்டையாகிவிட்டதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள், தொட்டும் பாருங்கள். சட்டையைக் கழற்றாமல் இதைச் செய்ய முடியாது.

ஒரே ஓர் இடத்தை வைத்து முடிவு கட்டவும் கூடாது. கை நரம்பு பாதித்தவருக்கு விரலிடைச் சதை மட்டும் கரையும், பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம் மட்டும் மெலியும். சாப்பாடு குறைந்து வந்த இழப்பு இரண்டு பக்கமும், பல இடங்களிலும் தெரியும். நம்மவருக்கு நெற்றிப்பொட்டு, காறை, தோள், கை எல்லா இடத்திலும் ஆழமான குழிவு இருக்கிறது. அது தீவிரம்.

சரி, இப்போது எழுதலாம். எடை இழப்பும் தசை இழப்பும் தீவிர எல்லையில் இருக்கின்றன, உணவு அம்சமும் பொருந்துகிறது. நாள்பட்ட நோய்ப் பின்னணியில் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. வெறும் பெயரை எழுதாமல், 64 கிலோ எந்தத் தேதியின் எடை, நீருக்காக எத்தனை சதவீதம் கழித்தோம், தசையை எங்கெங்கே பார்த்தோம் என்று சேர்த்து எழுதினால்தான் அடுத்த வாரம் வருகிறவர் அதே கணக்கைத் தொடர முடியும். இரண்டு அளவுகோல்களைக் கலக்கவும் வேண்டாம். 2019இல் வந்த கிளிம் என்ற மற்றோர் ஊட்டச்சத்துக் குறைபாட்டு அளவுகோலில் ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தாலே எடை அம்சம் பொருந்திவிடும், நீர் சேர்வது அதில் ஓர் அம்சமே இல்லை. எடைக்கு ஒன்றையும் நீருக்கு மற்றொன்றையும் பிடித்தால் இரண்டின்படியும் அது கணிப்பாகாது.

கடைசித் தவறு, டயட் சார்ட் கொடுத்த பிறகு நடக்கிறது. நீர் எடுத்த நாலாம் நாள் எடை 58இலிருந்து 60 ஆனால் உணவு பிடித்துக்கொண்டது என்று மகிழ்வதும், நீர் மாத்திரை கொடுத்து 56 ஆனால் பதறுவதும். நாலு நாளில் இரண்டு கிலோ சதை போடாது. இவரைப் பின்தொடர மேற்கையின் நடுச் சுற்றளவு, கைப்பிடி வலு, அன்றாடம் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்ற குறிப்பு ஆகியவை தராசைவிட நம்பகமானவை. எடையையும் எழுதத்தான் வேண்டும், பக்கத்தில் வயிற்றுச் சுற்றளவையும் கால் வீக்கத்தின் நிலையையும் சேர்த்து.