சக ஆசிரியர் வகுப்பைப் பார்க்க வரும்போது பயம் வராமலிருக்க

தலைமை ஆசிரியர்களே, முதல் சுற்றில் உங்கள் வகுப்பையே மற்றவர்கள் வந்து பார்க்கட்டும். அடுத்த சுற்றில், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பெடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தண்டையார்பேட்டைப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர், "யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் பாருங்க சார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் பிள்ளைகள் உட்காரும் வரிசையைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு கடைசி பெஞ்சில் 20 நிமிடம் இருந்து, பதில் சொல்லும் பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். "நன்று", "சுமார்" என்று எதுவும் எழுதக் கூடாது. எழுதினால் அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும்.

அன்றைக்கே 10 நிமிடம் இருவரும் தாளைப் பார்த்துப் பேசட்டும். 38 பேரில் முன்வரிசை 6 பேருக்குத்தான் கோடு விழுந்திருக்கிறது என்றால், எதை மாற்றலாம் என்று டீச்சரே யோசிப்பார். தாள் அவரிடமே இருக்கட்டும். அதை நீங்கள் கேட்டு வாங்கினால், அடுத்த முறை ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும்.