மீட்டர் 38 காட்டுகிறது, குடிக்கலாமா?

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிக்குள் ஒரு டி.டி.எஸ். மீட்டரையும் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. போன தடவை நானும் கொண்டுபோனேன். உறவினர் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் முக்கினேன், 38 காட்டியது. எல்லோரும் நிம்மதியாகக் குடித்தோம். மூன்றாம் நாள் எனக்கும் பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 38-ஐ நம்பி அதை விலக்கவும் முடியாது.

மீட்டரின் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். அவற்றுக்கிடையே தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கரைந்த உப்புகள் கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும். அந்த அளவை 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று திரையில் காட்டுகிறது. அதாவது, கரைந்த உப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். கிருமியை அது எண்ணுவதில்லை. மின்சாரத்தைக் கடத்தாத பூச்சிமருந்தும் அதன் கண்ணில் படாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சாக்கடை நீர் கலந்துவிட்டது. சாக்கடை நீரின் டி.டி.எஸ். 800 என்று வைத்தால், அந்தக் கரண்டியில் இருப்பது 4 மில்லிகிராம் உப்பு. 20 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 0.2. மீட்டர் முழு எண்ணாகத்தான் காட்டும், ஆகவே 38 அப்படியே 38-தான். ஆனால் 100 மில்லி சாக்கடை நீரில் ஈ.கோலை கிருமி பத்து லட்சம் இருப்பது சாதாரணம். அந்தக் கணக்கில், கலந்த தண்ணீரின் ஒவ்வொரு 100 மில்லியிலும் சுமார் 250 இருக்கும். குடிநீரின் 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆர்செனிக்கும் இப்படித்தான்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

ஆர்.ஓ. சவ்வு நன்றாக இருந்தாலும், அதற்குப் பிறகு வரும் சேமிப்புத் தொட்டி, குழாய், குடம், உள்ளே விடும் கை எல்லாம் கிருமியைத் திரும்பச் சேர்க்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மீட்டர் எண்ணோ பெரிதாக மாறாது. எண் குறையவில்லையே என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அப்போ மீட்டரைத் தூக்கிப் போடலாமா? வேண்டாம். உள்ளே போகும் தண்ணீர் 620, வெளியே வருவது 45 என்றால் சவ்வு 93 சதவீத உப்பைப் பிடிக்கிறது என்று பொருள். அந்த 45 சில மாதத்தில் 200 ஆனால் சவ்வைப் பார்க்கச் சொல்லுங்கள். குடிப்பதற்கு, குமிழிகள் பொங்கி எழ ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஆறவிட்டு, குழாய் வைத்த பாத்திரத்திலிருந்தே ஊற்றிக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் ஆர்செனிக்கோ நைட்ரேட்டோ போகாது. கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுப்பதாக இருந்தால், ஆய்வகத்தில் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.