எஸ்பிரெஸ்ஸோவுக்கான தண்ணீர்: கால்சியம் இல்லாத ஒரு எளிய கலவை

எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்குள் படியும் வெள்ளைக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருந்து, அதைச் சூடாக்கினால் அது உருவாகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கல் வராது.

அப்படியானால் எதை விடுவது? பைகார்பனேட்டை விட்டால் தண்ணீரில் காரத்தன்மை இருக்காது. லேசாக அமிலம் சேர்ந்தாலும் அது செம்பையும் பித்தளையையும் அரிக்கத் தொடங்கும். காபியும் சுருக்கென்று புளிக்கும். அதனால் கால்சியத்தை விட்டுவிடுவோம்.

தாய்க்கரைசல்கள்

ஒரு லிட்டருக்குத் தேவைப்படும் உப்பு 0.1 கிராம்தான். அதைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. எனவே முதலில் கெட்டியான கரைசலாகச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாட்டில்: 10 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். அது கிடைக்காவிட்டால் 8.4 கிராம் சமையல் சோடா போதும். காரத்தன்மை அதேதான் வரும். ஆனால் பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்.

இரண்டாவது பாட்டில்: 12.3 கிராம் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், மொத்தம் ஒரு லிட்டர். உணவுத் தரத்தில் வாங்குங்கள். குளியலுக்கென்று வாசனை சேர்த்து விற்பது ஆகாது. மெக்னீசியம் குளோரைடும் சிலர் சொல்வார்கள், நான் மெஷினுக்கு அதைச் சேர்ப்பதில்லை. குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் குழி குழியாக அரிக்கும்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், கெட்டியான நிலையில் சேர்ந்தால் வீழ்படிவு வரலாம். ஃபிரிட்ஜில் வையுங்கள், கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

5 லிட்டர் கலப்பது

5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் முதல் கரைசல் 50 மி.லி. ஊற்றிக் குலுக்குங்கள். அப்புறம் இரண்டாவது கரைசல் 25 மி.லி. ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு லிட்டரிலும் 100 மி.கி. பொட்டாசியம் பைகார்பனேட்டும் சுமார் 61 மி.கி. எப்சம் உப்பும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையாக மாற்றிச் சொல்லும் வழக்கமான கணக்கில் காரத்தன்மை 50 பிபிஎம், கடினத்தன்மை 25 பிபிஎம்.

சரியாக வந்ததா என்று டிடிஎஸ் மீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. எந்த உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டுச் சோதனையை வாங்குங்கள். ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது 17.9 பிபிஎம் என்று வரும் வகையில், காரத்தன்மையை அளக்கும் KH சோதனை மூன்றாவது சொட்டிலும் கடினத்தன்மையை அளக்கும் GH சோதனை இரண்டாவது சொட்டிலும் நிறம் மாற வேண்டும்.

சுவைக்கு எவ்வளவு மாற்றலாம்

பைகார்பனேட் காபியின் அமிலத்தைக் கொஞ்சம் அடக்கும். கூடிப்போனால் காபி மந்தமாக, சுண்ணாம்பு வாடையோடு நிற்கும். ஆனால் எஸ்பிரெஸ்ஸோவில் இது நினைப்பதைவிடக் குறைவாகவே தெரியும். 18 கிராம் தூளில் 36 கிராம் காபி எடுத்தால், கோப்பையில் ஒரு கிராம் தூளுக்கு 2 கிராம் தண்ணீர்தான். காகித வடிகட்டியில் ஊற்றி எடுக்கும் காபியில் அதே ஒரு கிராமுக்கு சுமார் 16 கிராம் தண்ணீர். பைகார்பனேட்டும் அதே விகிதத்தில் எட்டு மடங்கு வித்தியாசப்படும். மெஷினுக்காகக் காரத்தன்மையை 50-இல் வைப்பதால் எஸ்பிரெஸ்ஸோ ருசியில் இழப்பது கொஞ்சம்தான் என்பது என் கணிப்பு.

லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு மங்கிப்போனதாகத் தோன்றினால் முதல் கரைசலை 50-இலிருந்து 40 மி.லி. ஆக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே நான் போகமாட்டேன். புளிப்பு மிஞ்சினால் 60 வரை போகலாம். ஆனால் முதலில் அரைப்பதன் நுணுக்கத்தையும் எடுக்கும் அளவையும் சரிபாருங்கள், புளிப்புக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம்.

மெக்னீசியத்தை 0 முதல் 50 மி.லி. வரை மாற்றி, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். எப்சம் உப்பே போடாமலும் நல்ல எஸ்பிரெஸ்ஸோ வரும்.

ஸ்டீம் பாய்லர்

ஆவியாக வெளியே போவது வெறும் தண்ணீர். உப்பு முழுவதும் பாய்லரிலேயே தங்கிவிடும். பால் நுரைக்க நுரைக்க உள்ளே செறிவு ஏறிக்கொண்டே போகும், காரத்தன்மையும் கூடும். செறிவு மிகவும் ஏறினால் மெக்னீசியமும் படியக்கூடும். அதனால் பால் அதிகம் நுரைப்பவர்கள் எப்சம் உப்பைக் குறைக்கலாம். வெந்நீர்க் குழாய் அந்தப் பாய்லரிலிருந்து வருவதாக இருந்தால், அடிக்கடி ஒரு கோப்பை நீரைத் திறந்துவிட்டுப் புது நீர் ஏற விடுங்கள்.

உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டரை அப்படியே ஊற்றாதீர்கள். பல மெஷின்களில் நீர்மட்டத்தை அறியும் கம்பி, தண்ணீரின் மின்கடத்தலை நம்பியே வேலை செய்கிறது. தூய நீர் அதற்குத் தெரியாமல் போய் பாய்லர் நிரம்பி வழியலாம்.

தொட்டிக்குள் வடிகட்டிப் பை இருந்தால் எடுத்துவிடுங்கள். சில வகைகள் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். வேறு சில, அளந்து போட்ட பைகார்பனேட்டையே தின்றுவிடும்.