ஒரே பெயரா, தனித்தனிப் பெயரா? குடும்பத் தொழிலில் புதிதாக ஒன்று சேரும்போது

காங்கேயத்தில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஆலை. புண்ணாக்கு கையிலேயே இருக்கிறதே என்று மாட்டுத்தீவனம் ஆரம்பித்தோம், எண்ணெயின் பெயரையே தீவன மூட்டையிலும் அச்சடித்தோம். ஒரு மழையில் தீவனத்தில் பூஞ்சை பிடித்ததும் மளிகைக்கடைக்காரர் எண்ணெய் பாக்கெட்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பெயர் ஒன்றானால் கெட்ட பெயரும் ஒன்றுதான்.

டாடா மாதிரி பெரும்பாலான தொழில்களுக்கு ஒரே பெயர் வைப்பது பிராண்டட் ஹவுஸ். இந்துஸ்தான் யூனிலீவர் லக்ஸ், சர்ஃப் எக்செல் என்று தனித்தனியாக வைத்திருப்பது ஹவுஸ் ஆஃப் பிராண்ட்ஸ்.

முதலில் ஒரு தாளில் தொழில்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் எழுதுங்கள்: யார் வாங்குகிறார், எதை நம்பி வாங்குகிறார், இது கெட்டால் எது அடிபடும். கம்ப்யூட்டரில் எக்செல் வேண்டாம், வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கத் தாள்தான் வசதி. எங்களுக்குத் தலைக்கு வைக்கும் எண்ணெய் பழைய பெயரிலேயே நின்றது, ஏனென்றால் சமையல் எண்ணெய் வாங்கும் அதே அம்மாதான் இதையும் வாங்குகிறார். தீவனம் பிரிந்தது. ஆனால் தனிப்பெயர் என்றால் விளம்பரம், பை, ஏஜென்ட் எல்லாம் புதிதாகப் பூஜ்யத்திலிருந்து. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு பெயருக்கு மேல் தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது நான் இடறிய இடம். டிரேட்மார்க் பதிவு பொருளின் வகுப்புவாரியாகத்தான் நடக்கும். சமையல் எண்ணெய் 29, தலை எண்ணெய் 3, தீவனம் 31. எங்களிடம் 29 மட்டும் இருந்தது, அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே பெயரை இரண்டு குடும்பங்கள் வேறு வேறு பொருளுக்கு வைத்திருப்பதும் நடக்கும்: ஈரோட்டு சக்தி மசாலாவும் சக்தி சுகர்ஸும் வேறு வேறு குழுமங்கள். அதனால் பெயரை நீட்டுவதற்கு முன்பே அரசின் ஐபி இந்தியா தளத்தில் அந்தந்த வகுப்பில் தேடிவிடுங்கள், பை அச்சடித்த பிறகு தேடிப் பயனில்லை.

அப்புறம், பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது பெரியப்பா பெயரில் இருந்தது. அதைக் கூட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மாற்றி, பதிவேட்டிலும் பெயர் மாற்றினோம். தலை எண்ணெய் கம்பெனி தனி என்பதால் அதற்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் ஒப்பந்தமாகக் கொடுத்தோம்.

பின்சேர்க்கை: பங்காளிகள் பிரிந்தால் பெயர் யாருக்கு என்று கோபியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பிரிந்த பிறகு பேசினால் இரண்டு பேரும் அதே பெயரில் கடை போடுவார்கள். ஒற்றுமையாக இருக்கும்போதே, கூட்டு ஒப்பந்தத்தில் பெயர் யாரிடம் நிற்கும், விலகுகிறவருக்கு அதன் மதிப்பை யார் கணக்கிடுவது, பழைய பெயர் அச்சான பைகளை எத்தனை மாதம் வரை விற்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறோம்.