நைலானும் பாலித்தீனும்: படி வளர்ச்சி, சங்கிலி வளர்ச்சி கட்டுரையை எப்படி எழுதுவது?

தொழிற்துறை வேதியியலில் இந்தத் தலைப்பு கிடைத்தால், நாகர்கோவில் பக்கத்து மாணவர்களுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ கரையில் கிடக்கும் வலைகளைப் பாருங்கள். செவுள் வலை பெரும்பாலும் நைலான், இழுவை வலை பெரும்பாலும் எச்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி கூடிய பாலித்தீன். நைலான் நூல் கடல்நீரில் மூழ்கும் (அடர்த்தி 1.14), பாலித்தீன் நூல் மிதக்கும் (0.95). இது முன்னுரைக்குப் போதும்.

முதலில் இரண்டு வினைகளையும் எழுதிவிடுங்கள். ஹெக்ஸாமெதிலீன் டைஅமீனும் அடிப்பிக் அமிலமும் சேர்ந்து நீரை வெளியேற்றி நைலான் 66 ஆகின்றன. எத்திலீன் தன் இரட்டைப் பிணைப்பை விட்டு ஒன்றோடொன்று சேர்ந்து பாலித்தீன் ஆகிறது. முன்னது படி வளர்ச்சி, பின்னது சங்கிலி வளர்ச்சி. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

அடுத்ததுதான் பலரும் தடுக்கி விழும் இடம். "வினை பாதி முடிந்தபோது கலனுக்குள் என்ன இருக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் கட்டுரையின் உயிர் வந்துவிடும்.

நைலானுக்குச் சூத்திரம் இல்லாமல் எண்ணிப் பார்ப்போம். 100 டைஅமீன், 100 அமிலம், மொத்தம் 200 மூலக்கூறுகள். இரண்டு பக்கமும் தலா 200 வினைமுனைகள். ஒரு பிணைப்பு உண்டானால் மூலக்கூறு எண்ணிக்கை ஒன்று குறையும். பாதி வினை முடிந்தால் 100 பிணைப்புகள், மீதி 100 துண்டுகள். சராசரி நீளம் வெறும் 2! 90 சதவீதம் முடிந்தால் 20 துண்டுகள், சராசரி 10. 95 சதவீதத்தில் சராசரி 20. ஓர் அலகின் சராசரி நிறை 113 என்பதால் மூலக்கூறு நிறை சுமார் 2,260தான், இதில் உறுதியான நூல் இழுக்க முடியாது. 99 சதவீதத்தில்தான் சராசரி 100 ஆகி, நிறை 11,300ஐத் தொடுகிறது. கரோதர்ஸ் சமன்பாடு சொல்வது இதைத்தான். லிப்ரே ஆபீஸ் கால்கில் A2வில் 0.5, 0.9, 0.95, 0.99 என்று வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள்:

```
=1/(1-A2)
```

வரைபடத்தை மட்டும் கணினியில் போடாமல் வரைபடத்தாளில் கையால் போடுங்கள். 0.95க்குப் பிறகு கோடு செங்குத்தாக ஏறுவதைப் பென்சில் பிடித்த கை மறக்காது.

இதிலிருந்து தொழிற்சாலையின் சிரமம் புரியும். கடைசி ஒரு சதவீதம்தான் நூலைத் தீர்மானிக்கிறது. ஒரு பொருள் 2 சதவீதம் குறைந்தாலே, வினை முழுதாக முடிந்தாலும் சராசரி நீளம் 99ஐத் தாண்டாது. எல்லா முனைகளிலும் ஒரே வகைக் குழு மிஞ்சி, சேர ஆள் இல்லாமல் நின்றுவிடும். அதனால்தான் இரண்டையும் முதலில் நைலான் உப்பாக்கிச் சமமோல் அளவை உறுதி செய்கிறார்கள். அப்புறம் அழுத்தத்தில் சூடாக்குகிறார்கள். இல்லாவிட்டால் டைஅமீன் நீராவியோடு ஓடிவிடும், சமநிலை கெடும். பிறகு அழுத்தத்தைக் குறைத்து 270–280 பாகையில் நீரை வெளியேற்றுவார்கள். நீர் மிஞ்சினால் வினை பின்னோக்கித் திரும்பும்.

பாலித்தீன் கதை வேறு. உயர் அழுத்த முறையில் ஒரு துவக்கி தனி உறுப்பு ஆகி எத்திலீனைப் பிடிக்கும். அந்த முனை மட்டுமே உயிருள்ளது, மற்ற எத்திலீன்கள் ஒன்றோடொன்று வினைபுரியாது. ஒரு சங்கிலி கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, முற்றுப்பெறும். எனவே 20 சதவீதம் முடிந்த கலனைத் திறந்தால் முழு நீளப் பாலித்தீனும் 80 சதவீதம் தொடப்படாத எத்திலீனும் இருக்கும், இடைப்பட்ட குட்டைத் துண்டுகள் அநேகமாக இருக்காது. நேரம் கூடினால் விளைச்சல் கூடும், நீளம் பெரிதாகக் கூடாது. மிச்ச எத்திலீனைத் திரும்பக் கலனுக்கே அனுப்பினால் சரி. நைலானை இப்படிப் பாதியில் நிறுத்த முடியாது.

இந்த உயர் அழுத்த முறையில் கிடைப்பது கிளைகள் கொண்ட, அடர்த்தி குறைந்த எல்.டி.பி.இ. இழுவை வலையின் எச்.டி.பி.இ. ஸீக்லர் 1953இல் கண்ட வகை வினையூக்கிகளால் குறைந்த அழுத்தத்தில் வருவது. அங்கே தனி உறுப்பு கிடையாது, உலோக முனையில் எத்திலீன் செருகப்படுகிறது. ஆனாலும் அது சங்கிலி வளர்ச்சியே. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: "நம்ம ஊர் வலை நைலான் 6 ஆச்சே, அதில் நீர் வெளியேறாதே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சரியான கேள்வி. நம் நாட்டு வலை நூல் பெரும்பாலும் நைலான் 6தான். காப்ரோலாக்டம் வளையத்தைச் சிறிதளவு நீர் திறக்க, அமீன் முனையில் அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. சங்கிலி முனைகள் ஒன்றோடொன்று இணைவதும் கூடவே நடக்கும். ஆகவே "நீர் வந்தால் படி வளர்ச்சி, வராவிட்டால் சங்கிலி வளர்ச்சி" என்று எழுத வேண்டாம். பாலியூரித்தேனில் எந்தச் சிறு மூலக்கூறும் வெளியேறுவதில்லை, ஆனாலும் அது படி வளர்ச்சி. கட்டுரையில் வலையைக் காட்டிவிட்டுக் கணக்கை நைலான் 66க்குப் போடுவதானால், அந்த மாற்றத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.