குடற்புழு மருந்து: புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

எடை பார்க்காமல் மருந்து ஊற்றுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை மாற்றினால் மருந்து மாறாது

அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஒரே வகை. புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு புழுவைப் பட்டினி போடுகின்றன. அந்தப் புரதத்தில் ஓரிடம் மாறினாலே மருந்தால் அதைப் பிடிக்க முடியாது. ஒன்றுக்குத் தப்பிய புழு மற்றதற்கும் தப்பும். லெவாமிசோல் வேறு வகை: தசையை இறுக வைத்து முடக்கும். ஐவர்மெக்டின் தசையைத் தளர வைத்து முடக்கும்.

வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவு

போதாது. மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஊற்றி, அன்றே சுத்தமான நிலத்துக்கு ஓட்டுவது

இதை இன்னும் யாராவது செய்தால் எனக்குக் கோபம் வருகிறது, நானே செய்து நொந்தவன் என்பதால். நாற்பது செம்மறிகளுக்கும் அல்பெண்டசோல் ஊற்றி, பல மாதம் ஓய்வு கொடுத்த நிலத்துக்கு அன்று மாலையே ஓட்டிவிடுவேன். இரண்டு வருஷம் ஆடுகள் பளபளவென்று இருந்தன. மூன்றாம் வருஷம், மருந்து ஊற்றி மூன்று வாரத்தில் ஒரு பெட்டைக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து பை போலத் தொங்கியது. கண்ணிமையைத் திறந்தால் உள்ளே வெள்ளைத் தாள். இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவின் வேலை அது.

மருந்து ஊற்றிய அன்று எடுத்த புழுக்கையில் கிராமுக்கு 1,200 முட்டைகள் இருந்தன. பதினான்கு நாள் கழித்து எடுத்ததில் 480. மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் 95 சதவீதமாவது குறைந்து 60-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். குறைந்ததோ 60 சதவீதம்தான்.

நடந்தது இதுதான். ஓர் ஆட்டில் ஆயிரம் புழுக்கள் இருந்து 950 செத்தன என்று வையுங்கள். மிஞ்சிய ஐம்பதும் மருந்தைத் தாங்கியவை. அந்த இனத்தில் ஒரு பெண் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய நிலமாக இருந்தால், மருந்தைக் கண்டிராத புழுக்களின் குஞ்சுகள் புல்லில் ஏராளமாக இருக்கும். தப்பியவற்றின் குஞ்சுகள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். நான் ஓட்டிவிட்ட நிலத்தில் அப்படிக் கலக்க எதுவும் இல்லை. அங்கே விழுந்த முட்டை அத்தனையும் தப்பிய புழுக்களுடையவை. ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை மட்டுமே நான் பொறுக்கி விதைத்திருக்கிறேன்.

அப்புறம் முறையை மாற்றினேன். எல்லாவற்றுக்கும் ஊற்றுவதில்லை. கண்ணிமையின் உள்பக்கத்தைப் பார்த்து, வெளுத்தவற்றுக்கு மட்டும் ஊற்றுகிறேன். இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மட்டும்தான் இந்தப் பார்வை பொருந்தும். நன்றாகத் தேறிய நான்கைந்து பெரிய ஆடுகளை மருந்தில்லாமலே விடுகிறேன். அவற்றின் புழுக்கையில் போகும் முட்டைகள்தான் மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களை நிலத்தில் வைத்திருக்கும். குட்டிகளையும் சினை ஆடுகளையும் அப்படி விடுவதில்லை.